வேலைக்குப் போற நேச்சுரல் ஆளுக்கு வாரம் ஆறு நாள் ஜிம் சரிப்படுமா?

தேவகோட்டை_பஸ்
வணக்கம். வயசு 29, எடை 72 கிலோ, உயரம் ஐந்தடி எட்டு. ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம் ஆகுது. பெஞ்ச் 80 கிலோ ஆறு ரெப், ஸ்குவாட் 110 அஞ்சு, டெட்லிஃப்ட் 140 மூணு.

வீடு காரைக்குடி, வேலை தேவகோட்டையில ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கணக்கு. காலைல ஒன்பதரையில இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும். பஸ் பிடிச்சு வந்து எட்டு மணிக்கு ஜிம், முடிக்கும்போது மணி ஒன்பதே முக்கால். சாப்பிட்டுப் படுக்க பன்னெண்டு. காலைல அஞ்சரைக்குத் தண்ணி வரும், எங்க வீட்ல அதைப் பிடிக்கிறது என் டூட்டி.

ரெண்டு மாசமா புஷ், புல், லெக்ஸ்னு வாரத்துல ரெண்டு சுத்து, மொத்தம் ஆறு நாள். ஞாயிறு மட்டும் லீவு. ஜிம் மாஸ்டர் எழுதிக் குடுத்தது. ஆனா பெஞ்ச் ஏறவே இல்லை, வலது தோள் முன்பக்கம் லேசா வலிக்குது. ஆறு நாள் எனக்கு அதிகமா, இல்ல நான் இன்னும் முக்கணுமா?

பொங்கல்_வடை
ஆறு நாளும் ஜிம் எதுக்கு ப்ரோ? ராத்திரி சோத்தை விடுங்க, செக்காலை ரோட்ல காலைல அஞ்சு கிலோமீட்டர் நடங்க. எனக்கு மூணே மாசத்துல தொப்பை போச்சு.

தேவகோட்டை_பஸ்
அண்ணே, எனக்குத் தொப்பை பிரச்சினை இல்லை. உடம்பு ஏறணும், வெயிட் ஏறணும். சோத்தை விட்டா இருக்கறதும் போயிரும்.

நாற்பத்தெட்டு_மணி
ஆறு நாள் தாராளமா பண்ணலாம். ஒரு தசை ஆற 48 மணி நேரம் போதும். திங்கள் புஷ் பண்ணா வியாழனுக்குள்ள 72 மணி நேரம் ஆயிருது, அப்புறம் என்ன கவலை? பல்கேரியா பளுதூக்கிகள் தினம் ரெண்டு மூணு வேளை ஸ்குவாட் போட்டுத்தான் ஒலிம்பிக் மெடல் அடிச்சாங்க. ஓவர்ட்ரெயினிங்னு ஒண்ணு கிடையாது, சாப்பாடு கம்மி, தூக்கம் கம்மி, அவ்வளவுதான். நீங்க இன்னும் கொஞ்சம் முட்டை சேருங்க.

பழைய_பார்பெல்
தம்பி, ஆறு நாளா நாலு நாளா என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அந்தப் புஷ் நாளில் என்னென்ன செய்கிறீர்கள், எத்தனை செட் என்று அப்படியே எழுதுங்கள். முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் பெஞ்சில் எத்தனை ரெப் வந்தது, திங்களும் வியாழனும் தனித்தனியாக வேண்டும். நோட்டு வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சே வீண்.

தேவகோட்டை_பஸ்
நோட்டு இருக்குங்க ஐயா.

புஷ் நாள்: பெஞ்ச் 4 செட், இன்க்ளைன் டம்பெல் 4, கேபிள் ஃப்ளை 4, ஷோல்டர் பிரெஸ் 4, சைடு லேட்டரல் 3, ட்ரைசெப்ஸ் ரெண்டு வகை, ஒவ்வொண்ணும் 4.

பெஞ்ச் எல்லாமே 80 கிலோ.
முதல் வாரம் திங்கள்: 6, 6, 5, 4. வியாழன்: 6, 5, 4, 4.
எட்டாவது வாரம் திங்கள்: 6, 5, 4, 3. வியாழன்: 5, 4, 3, 3.

கடைசி செட் எப்பவும் ஃபெயிலியர் வரைக்கும், ஸ்பாட்டர் கை வைப்பாரு. இன்னொண்ணு, சனிக்கிழமை லெக்ஸ் பாதிக்கு மேல போகலை. ஆபீஸ் கலெக்‌ஷன் கணக்கு, இல்லாட்டி யாராவது வீட்டுக் கல்யாணம்.

பழைய_பார்பெல்
உங்கள் கேள்விக்குப் பதில் பாதி உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

முதல் செட்டை மட்டும் பாருங்கள். அன்றைக்கு உடம்பில் மிச்சம் இருக்கும் பலத்தைக் காட்டுவது அதுதான், பின்னால் வரும் செட்களில் அந்த நாளின் களைப்பும் கலந்துவிடும். திங்கட்கிழமை முதல் செட் அன்றும் ஆறு, இன்றும் ஆறு. ஆகவே பலம் குறையவில்லை. வியாழன் ஆறாக இருந்தது ஐந்தாகிவிட்டது. வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவில் நான்கு நாள், திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் மூன்று நாள். நான்கு நாள் கிடைத்தால் தேறுகிறீர்கள், மூன்று நாளில் தேறவில்லை. அளவான ஒரு பெஞ்ச் நாளிலிருந்து மீள உங்கள் நிலையில் இருப்பவருக்கு மூன்று நாள் தாராளம். அது போதவில்லை என்றால் ஒரு நாளில் போடும் அளவு மிஞ்சிவிட்டது.

அளவைப் பாருங்கள். நெஞ்சுக்கு ஒரு நாளில் 12 செட், வாரம் 24. தோளின் முன்பக்கத்துக்கு பெஞ்ச், இன்க்ளைன், ஷோல்டர் பிரெஸ் மூன்றிலும் வேலை, அதுவும் வாரம் 24. ட்ரைசெப்ஸ் தனியாக 16, மேலே சொன்ன பிரெஸ் எல்லாம் அதோடு சேர்த்தி. மருந்து எடுக்காத இடைநிலைக்காரருக்கு ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 கடினமான செட் என்பதுதான் பெரும்பாலும் பேசப்படும் எல்லை. எட்டு மணி நேரம் தூங்குகிறவருக்கே 20 மேல்படி. ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவர் 24 போட்டு, கடைசி செட்டை ஃபெயிலியருக்கும் கொண்டு போகிறார். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

நாற்பத்தெட்டு_மணி
அப்ப நான் சொன்ன 48 மணி நேரம் தப்பா? ஆராய்ச்சிலயே இருக்கே.

பழைய_பார்பெல்
தப்பில்லை, பாதி சரி. கனடாவில் மெக்டூகலும் கூட்டாளிகளும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆறு இளைஞர்களுக்கு ஒரு கையில் பைசெப்ஸுக்கு 12 செட் கொடுத்து, தசைப் புரதம் உருவாகும் வேகத்தை அளந்தார்கள். 24 மணி நேரத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் போய், 36 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், ஒரு தசையை வாரத்தில் ஒரே நாள் மட்டும் அடித்துவிட்டு மீதி ஆறு நாள் சும்மா விடுவது நஷ்டம் என்பது. வாரம் இரண்டு முறை தொட வேண்டும் என்றால் அதற்கு ஆறு நாள் எதற்கு? மேலுடம்பு, கீழுடம்பு என்று பிரித்தால் நாலு நாளிலேயே ஒவ்வொரு தசைக்கும் இரண்டு முறை வந்துவிடுகிறது.

இன்னொன்று. அவர்கள் அளந்தது தசைப் புரதத்தை. 80 கிலோவை மறுபடியும் ஆறு முறை தள்ளும் பலம் திரும்பியதா, தோள் மூட்டைச் சுற்றிய தசைநாண் தேறியதா என்பதெல்லாம் வேறு கடிகாரம். தசைநாண் எப்போதும் தசையைவிட மெதுவாகத்தான் வரும்.

பல்கேரியாவை இழுத்தீர்களே, 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர்களுடைய இரண்டு தங்கப் பதக்கங்கள் சோதனையில் பறிபோய், அணியே பாதியில் ஊருக்குக் கிளம்பியது. அவர்களுக்குப் பயிற்சிதான் வேலை, அரசாங்கம் சோறு போட்டது. தேவகோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவருக்கு அந்த உதாரணம் எதற்கு?

ரைஸ்மில்_லோடு
அண்ணே நான் புதுவயல் மில்லுல லோடு ஏத்துறேன். பகல் பூரா மூட்டைதான். சாயங்காலம் ஜிம்முக்கும் போறேன், அதுவும் ஆறு நாள். எனக்கு நெஞ்சும் கையும் ஏறுது, முதுகு மட்டும் எப்பவும் பிடிச்ச மாதிரியே இருக்கு. அப்ப எனக்கும் செட்டு ஜாஸ்தியா?

பழைய_பார்பெல்
மூட்டை தூக்குவது உங்களுக்கு டெட்லிஃப்ட் கணக்கில் சேரும். எடை சின்னதுதான், ஆனால் எண்ணிக்கை பெரியது, கீழ்முதுகுக்குப் பகலெல்லாம் வேலை. ஜிம்மில் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்டையும் குனிந்து செய்யும் ரோவையும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். நெஞ்சை பெஞ்சில் சாய்த்துச் செய்யும் ரோ, புல்டவுன் போதும். லோடு அதிகம் வரும் நாளில் கால் பயிற்சி வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கானாடுகாத்தான்_ஷிஃப்ட்
கொஞ்சம் மாத்துக் கருத்து. நான் ஹோட்டல்ல வேலை பாக்குறேன், மதியம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் பிரேக். ஒரு வருஷத்துக்கு மேலாச்சு, ஆறு நாள்தான் பண்றேன். ஊசி இல்லை, பவுடர்கூட எப்பவாவதுதான். எனக்கு நல்லாவே ஏறுது. நாலு நாள் பண்ணப்ப ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் ஆகும், கடைசி அரை மணி நேரம் கடனேன்னு பண்ணுவேன். இப்ப நாற்பது நிமிஷம், தினம் மூணே பயிற்சி. இன்னிக்கு ஸ்குவாட், பெஞ்ச், புல்அப். நாளைக்கு டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரெஸ், டம்பெல் ரோ. எதுலயும் ரெண்டு செட்டு, அதிகபட்சம் மூணு.

அதனால ஆறு நாளே தப்புன்னு எழுதிறாதீங்க.

பழைய_பார்பெல்
நான் எழுதவில்லையே. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெஞ்ச் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று செட். ஒன்பதுக்கு மேல் போகாது. ஷோல்டர் பிரெஸ்ஸும் அதே அளவு. அவர் ஒரே நாளில் நெஞ்சுக்குப் போடுவதைவிட உங்கள் ஒரு வாரம் குறைவு. நீங்கள் அதே அளவைச் சின்னச் சின்னதாகப் பிரித்தீர்கள், அவர் ஆறு நாள் என்ற பெயரில் அளவையே இரட்டிப்பாக்கினார். ஷோன்ஃபெல்டும் கூட்டாளிகளும் 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாரத்தின் மொத்த செட் சமமாக இருந்தால், எத்தனை நாளில் பிரிக்கிறோம் என்பதால் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாட்களின் எண்ணிக்கை வசதியைப் பொறுத்தது. உங்களுக்கு மதியம் மூன்று மணி நேரம் கிடைக்கிறது, தூக்கத்தில் கை வைப்பதில்லை. அவருக்கு ஒவ்வொரு ஜிம் நாளும் ராத்திரிச் சாப்பாட்டையும் படுக்கையையும் தள்ளிப்போடுகிறது.

கானாடுகாத்தான்_ஷிஃப்ட்
அது சரி. ஆனா ஒண்ணு, பெஞ்ச் மாதிரி டெக்னிக் உள்ளதுக்கு அடிக்கடி பண்றதுல தனி லாபம் இருக்கு. எனக்கு அப்படித்தான் ஏறுச்சு.

பழைய_பார்பெல்
இருக்கலாம். அடிக்கடி செய்கிறவருக்கு அந்த அசைவு கைக்கு வருகிறது, அது பலமாகவே வெளியில் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் முழங்கை எப்படி இருக்கிறது?

கானாடுகாத்தான்_ஷிஃப்ட்
ஹிஹி. புல்அப் நாள்ல கொஞ்சம் முணுமுணுக்கும்.

தேவகோட்டை_பஸ்
அப்ப நான் என்னதான் செய்ய? ஆறு நாளை வச்சுக்கிட்டு செட்டைப் பாதியாக்கவா, நாலு நாளுக்கு வரவா?

பழைய_பார்பெல்
இரண்டும் சரியான வழிதான். உங்கள் சனிக்கிழமையைப் பார்த்துத்தான் நாலு நாள் என்கிறேன். ஆறு நாள் திட்டத்தில் ஒரு நாள் தவறினால் அதை வைக்க இடமே இல்லை, ஞாயிற்றையும் பிடுங்கிக்கொண்டால்தான் உண்டு. அதனால் எது கடைசியில் நிற்கிறதோ அது பலியாகும். உங்களுக்குக் கால். காகிதத்தில் கால் வாரம் இரண்டு முறை, நோட்டில் ஒன்றரை முறைகூட இல்லை. நாலு நாளில் ஒன்று தவறினால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.

முதல் வாரம் இறக்கம். அதே எடைகள், ஆனால் செட் பாதி, எதிலும் ஃபெயிலியர் கிடையாது. தோளுக்கு அந்த வாரம் அவசியம்.

அதன்பிறகு திங்கள் மேலுடம்பு, செவ்வாய் கீழுடம்பு, வியாழன் மேலுடம்பு, சனி கீழுடம்பு. சனி தவறினால் ஞாயிறு காலை. மேலுடம்பு நாளில் பெஞ்ச் 4, ரோ 4, இன்க்ளைன் டம்பெல் 3, புல்டவுன் 3, சைடு லேட்டரல் 3, பைசெப்ஸ் 2, ட்ரைசெப்ஸ் 2. நெஞ்சுக்கு வாரம் 14. ஷோல்டர் பிரெஸ் இப்போதைக்கு வேண்டாம், முன்தோளுக்கு பெஞ்சும் இன்க்ளைனும் போதும். ரோவையும் லேட்டரலையும் அடுத்தடுத்து மாற்றிச் செய்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். அரை மணி நேரம் மிச்சம், அது தூக்கத்துக்கு.

பெஞ்சை 77.5-இல் தொடங்குங்கள். இன்னும் ஒரு ரெப், இரண்டு ரெப் வரும் என்று தோன்றும்போதே ரேக்கில் வைத்துவிடுங்கள். ஸ்பாட்டர் கை வைத்தால் அந்த ரெப் கணக்கில் இல்லை. நாலு செட்டும் ஆறு ரெப் வந்தால் அடுத்த முறை 80.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான், வியாழன் முதல் செட் திங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். அது தொடர்ந்து இரண்டு வாரம் கீழே போனால் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் குறையுங்கள். சமமாக இருந்தும் ஒரு மாதமாக எடை ஏறவில்லை என்றால் ஒரு செட் கூட்டுங்கள். இது எனக்குத் தெரிந்த கணக்கு, எல்லாருக்கும் இதே எண்கள் வராது.

கொத்தமங்கலம்_டீச்சர்
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அந்தத் தண்ணி டூட்டியை வீட்ல வேற யாருக்காவது மாத்த முடியாதா? படுக்கறது பன்னெண்டு, எழுந்திரிக்கறது அஞ்சரைன்னா எந்த பிளான் போட்டாலும் அதேதான். நான் வாரம் மூணு நாள்தான் பண்றேன். பரீட்சை பேப்பர் திருத்துற சீசன்ல தூக்கம் குறைஞ்சா அந்த வாரமே ஸ்குவாட்ல தெரிஞ்சிரும்.

தேவகோட்டை_பஸ்
அம்மாவால குடம் தூக்க முடியாது டீச்சர். தம்பி காலேஜ் ஹாஸ்டல்ல. ஆனா எட்டு மணிக்கு முன்னாடியே ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிட்டா ஜிம் முடிச்சு நேரா படுத்துரலாம்னு தோணுது. இப்ப ஜிம் முடிச்சு வந்து இட்லிக்கு உக்காந்தா மணி பத்தரை.

பழைய_பார்பெல்
டீச்சர் சொல்வது சரி. ஐந்தரை மணி நேரப் படுக்கையையும் எட்டரை மணி நேரப் படுக்கையையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. இரண்டிலும் குறைந்த எடை ஒன்றுபோலத்தான், ஆனால் குறைவாகத் தூங்கியபோது கொழுப்பு குறைவாகவும் தசை அதிகமாகவும் போனது. அவர்கள் எடை குறைப்பில் இருந்தவர்கள், அதனால் உங்களுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். திசை மட்டும் புரியும்.

சாப்பாட்டை அலுவலகத்திலேயே ஆறரைக்கு முடிக்க முடியுமா பாருங்கள். 72 கிலோவுக்கு நாளைக்கு 115 கிராம் புரதம் பக்கத்தில் வர வேண்டும். ராத்திரி இட்லியும் சட்னியும் அந்தக் கணக்கில் அதிகம் உதவாது.

தேவகோட்டை_பஸ்
ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். சொன்ன மாதிரி நாலு நாள்தான். பெஞ்ச் 82.5 கிலோ: திங்கள் 5, 5, 5, 4. வியாழன் 5, 5, 4, 4. முதல் செட்டு ரெண்டு நாளும் ஒண்ணு. ஸ்குவாட் 117.5 அஞ்சு, ஏன்னா லெக்ஸ் நாள் விடுபடலை, ஒரு தடவை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளினேன். டெட்லிஃப்ட் அதே 140 மூணுதான். தோள் வலி பெஞ்ச்ல இல்லை, இன்க்ளைன்ல கீழ இறக்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்கு. படுக்கறது பதினொண்ணுக்கு வந்துருக்கு.

நாற்பத்தெட்டு_மணி
வாழ்த்துக்கள். ஆனா ஒரு மணி நேரம் அதிகம் தூங்கிருக்கீங்க, ஒரு வாரம் ரெஸ்ட் மாதிரி எடுத்துருக்கீங்க, சாப்பாட்டு நேரம் மாத்திருக்கீங்க. ஆறு நாளை அப்படியே வச்சுக்கிட்டு இதைப் பண்ணிருந்தாலும் ஏறிருக்கும். நாலு நாளால ஏறுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?

பழைய_பார்பெல்
சொல்ல முடியாது. நியாயமான கேள்வி. ஒரே நேரத்தில் நாலு விஷயம் மாறியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசியுங்கள்.

தம்பி, இன்க்ளைனில் பெஞ்சைத் தாழ்த்தி 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள், முழங்கை உடம்போடு கொஞ்சம் ஒட்டி இறங்கட்டும். அப்படியும் வலித்தால் மூன்று செட்டை புஷ்அப்புக்கு மாற்றுங்கள். டெட்லிஃப்டை எந்த நாளில் வைத்திருக்கிறீர்கள்?

தேவகோட்டை_பஸ்
சனிக்கிழமை, ஸ்குவாட் முடிச்சப்புறம்.

பழைய_பார்பெல்
அதுதான் நிற்கிறது. செவ்வாய் ஸ்குவாட் முதலில், சனி டெட்லிஃப்ட் முதலில். சனிக்கிழமை ஸ்குவாட்டை இலகுவாக மூன்று செட்.

தேவகோட்டை_பஸ்
சரிங்க ஐயா. இன்னொரு சந்தேகம். மாசி பங்குனியில முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்குறேன், விரதம் இருக்கணும். முட்டை, கறி கிடையாது. ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அப்ப நிறுத்திரவா?

பழைய_பார்பெல்
நிறுத்த வேண்டாம். அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை போதும், ஒன்று மேலுடம்பு, ஒன்று கீழுடம்பு. எடையைக் குறைக்காமல் செட்டை மூன்றில் ஒரு பங்காக்குங்கள். ஏறியதைத் தக்கவைக்கச் சின்ன அளவே போதும். பால், தயிர், பருப்பு, சுண்டல் எது விரதத்துக்கு ஒத்துவருமோ அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் பால்குடம் எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் கால் பயிற்சி வைக்காதீர்கள்.

கானாடுகாத்தான்_ஷிஃப்ட்
ஐயா, அப்ப என் முழங்கைக்கு?

பழைய_பார்பெல்
நோட்டை எழுதிப் போடுங்கள்.